தனியாளாக வீடியோ எடுக்கும்போது ஃபோக்கஸ் தப்பாமல் இருக்க: டிரைபாட், டைமர், ஒரு பதிலாள்

சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடமைப்புப் பகுதியில் இருக்கிறேன். பழைய தோட்டப் பேச்சு வழக்குகளைப் பற்றிச் சின்னச் சின்ன வீடியோக்கள் எடுப்பது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. பெரட்டு, கிராணி, ஆயாக்கொட்டகை, மங்கு என்று ஒவ்வொரு சொல்லுக்கும் நாலைந்து நிமிடம். மனைவிக்கு ஈப்போவில் வேலை, மகன் பினாங்கில். கேமராவுக்குப் பின்னால் நிற்க ஆள் கிடையாது.

முதல் வீடியோவை நாற்பது நிமிடம் எடுத்தேன். அம்மாவின் பால்வெட்டுக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு உருக்கமாகப் பேசினேன். கணினியில் போட்டுப் பார்த்தால், எனக்குப் பின்னால் சுவரில் தொங்கிய முருகன் காலண்டர் அவ்வளவு துல்லியம். தேதிக்குக் கீழே இருந்த ராகுகாலம்கூடப் படிக்க முடிந்தது. என் முகம் மட்டும் ஆவி பிடித்த கண்ணாடி மாதிரி இருந்தது.

காரணம் எளிது. பொத்தானை அழுத்திய நேரத்தில் நான் கேமராவுக்குப் பின்னால் இருந்தேன், பெஞ்ச் காலி. கேமரா எதைப் பார்க்கும்? சுவரைத்தான். டைமர் போட்டுப் புகைப்படம் எடுப்பவர்களுக்கும் இதே கதைதான். பெரும்பாலான கேமராக்கள் பொத்தானை அழுத்தும் கணத்திலேயே ஃபோக்கஸை முடிவு செய்துவிடும், அதற்குப் பிறகுதான் பத்து வினாடியை எண்ணும். நீங்கள் ஓடிவந்து உட்காரும்போது முடிவு எடுத்தாகிவிட்டது.

ரிமோட் வாங்கினால் சரியாகிவிடுமே என்பார்கள். ரிமோட்டால் ஓடும் வேலை மிச்சமாகும், உட்கார்ந்தபிறகு அழுத்தினால் தொடக்கத்தில் முகத்தைப் பிடிக்கவும் உதவலாம், ஆனால் நடுவில் ஃபோக்கஸ் நகர்ந்தால் அதனால் தடுக்க முடியாது. புது கேமராக்களில் கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோ ஃபோக்கஸ் இருக்கிறது. நேராகப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தால் அது போதும், மீதியை நீங்கள் படிக்கவே வேண்டாம். ஆனால் குனிந்து கையிலுள்ள பொருளைப் பார்த்தால், தொப்பியின் நிழல் கண்ணில் விழுந்தால், கத்தியை முகத்துக்கு முன்னால் தூக்கிக் காட்டினால் அது தடுமாறும். கத்திக்குப் போய், சுவருக்குப் போய், மறுபடி முகத்துக்கு வரும். பார்ப்பவருக்குத் தலை சுற்றும். அதனால் நான் ஃபோக்கஸை ஒரே இடத்தில் பூட்டிவிட்டு, அந்த இடத்தில் என்னைக் கொண்டுபோய் வைக்கும் வழிக்கு மாறினேன். அதற்கு முதல் தேவை ஒரு பதிலாள்.

பதிலாளைச் செய்வது

ஐந்து லிட்டர் சாய டின் ஒன்றில் மணலைக் கொட்டி, அதில் பழைய மோப்புக் கம்பை நட்டேன். கம்பின் மேல்முனையில் ஒரு பெரிய மைலோ டின்னைக் கவிழ்த்துக் கட்டினேன். அகலம் ஏறக்குறைய ஒரு முகம்தான். டின் பளபளக்கும், அந்தப் பளபளப்பில் ஃபோக்கஸ் சரியாகப் பிடிக்காது. அதனால் முன்பக்கத்தில் தமிழ் நாளிதழின் ஒரு துண்டை ஒட்டினேன். சின்ன எழுத்துகள் உள்ள பக்கமாக இருக்கட்டும், தலைப்புச் செய்தி வேண்டாம். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் ஃபோக்கஸ் சரி என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம். மேலே என் தொப்பியை வைத்தால் தலை உச்சியின் அளவும் வந்துவிடும்.

பக்கத்து வீட்டு அக்கா முதல் நாள் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, “என்னா தம்பி, கம்போட பேசிக்கிட்டு இருக்கீங்க?” என்றார். இரண்டாவது வாரம் பழகிவிட்டார்.

பதிலாளிடம் பார்க்க வேண்டியவை இரண்டுதான். ஒன்று உயரம். நீங்கள் பெஞ்சில் சாதாரணமாக உட்காருங்கள். புகைப்படத்துக்கு உட்காருவது போல் விறைத்து உட்காரக் கூடாது. கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதைப் பக்கத்துத் தூணில் பென்சிலால் குறியுங்கள். எனக்குத் தரையிலிருந்து 115 செ.மீ. வந்தது. நாளிதழின் நடுப்பகுதி அந்த உயரத்தில் இருக்கவேண்டும்.

இரண்டாவதுதான் பெரிய தவறு நடக்கும் இடம்: ஆழம். பலரும் நாற்காலியின் சாய்மானத்தில் தலையணையை வைத்து அதற்கு ஃபோக்கஸ் செய்வார்கள். ஆனால் மனிதன் உட்கார்ந்தால் அவன் கண் சாய்மானத்துக்கு மேலே நிற்பதில்லை, ஒரு சாண் அல்லது அதற்கும் மேலாக முன்னால் இருக்கும். பேசும்போது இன்னும் முன்னால் வரும். அதனால் பதிலாளைப் பெஞ்சின் மேல் வைக்காதீர்கள், பெஞ்சின் முன் விளிம்பை ஒட்டித் தரையில் நிறுத்துங்கள். பிறகு கயிற்றால் சரிபார்க்க வேண்டும்.

முடிச்சுப் போட்ட கயிறு

சினிமாவில் ஃபோக்கஸ் பார்க்கும் உதவியாளர் கேமராவிலிருந்து நடிகரின் கண்வரை டேப் பிடித்து அளப்பார். நமக்கு ஒரு சணல் கயிறு போதும். அதன் ஒரு முனையை டிரைபாடின் தலையில், கேமராவுக்குக் கீழே கட்டுங்கள். நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்து, பேசும்போது இருப்பது போல் லேசாக முன்னால் சாய்ந்து, கயிற்றை இறுக்கமாக இழுத்துக் கண்ணோரம் வரும் இடத்தில் ஒரு முடிச்சுப் போடுங்கள். இப்போது எழுந்து, அதே முடிச்சு நாளிதழைத் தொடும்படி பதிலாளை நகர்த்துங்கள். உங்கள் கண்ணும் பதிலாளின் முகமும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் வந்துவிட்டன.

கயிற்றைக் கழற்ற வேண்டாம். டிரைபாட் காலில் சுற்றித் தொங்கவிடுங்கள். எடுப்பதற்கு இடையில் எழுந்து போய்க் கோப்பி குடித்துவிட்டு வந்தால், உட்கார்ந்ததும் முடிச்சைக் கண்ணருகே பிடித்துப் பார்க்கலாம். மூன்று வினாடி வேலை. எனக்குத் தெரிந்து இதைவிட நம்பகமான கருவி எதுவும் இல்லை.

எவ்வளவு அசையலாம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். என்னுடையது ஏ.பி.எஸ்.சி அளவு சென்சார் உள்ள கேமரா, 35 மி.மீ. லென்ஸ். கண்ணுக்கும் கேமராவுக்கும் 2 மீட்டர். லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையை f/2 என்று அகலமாகத் திறந்து வைத்தால் ஏறக்குறைய 1.88 மீட்டரிலிருந்து 2.14 மீட்டர் வரைதான் துல்லியம். அதாவது கண் முன்னால் 12 செ.மீ. நகர்ந்தால் மங்கத் தொடங்கும். பேச்சு சூடுபிடித்தால் நான் 15, 20 செ.மீ. சாதாரணமாக முன்னால் சாய்கிறேன். ஆக f/2 எனக்கு ஆகாது.

துளையைச் சுருக்கி f/4-இல் வைத்தால் அந்த இடைவெளி 1.77 மீட்டரிலிருந்து 2.30 மீட்டர் வரை விரிகிறது. முன்னால் 23 செ.மீ., பின்னால் 30 செ.மீ. என் சாய்வு இதற்குள் அடங்கிவிடும். பின்னால் இருக்கும் சுவரும் கொஞ்சம் மென்மையாகத்தான் தெரியும். f/5.6 இன்னும் பாதுகாப்பு, ஆனால் வராந்தாவின் நிழலில் வெளிச்சம் குறைந்தால் படத்தில் மணல் தூவியது போல் புள்ளி வரும். நான் f/4-இல் நின்றுவிட்டேன். மங்கலான பின்னணி அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் தனியாளுக்கு அது கட்டுப்படியாகாத அழகு.

என் காலண்டர் கதையும் இந்தக் கணக்கில் புரியும். சுவர் 2.6 மீட்டரில் இருந்தது, துளை f/2. ஃபோக்கஸ் சுவரில் நின்றதால் 2.4 மீட்டருக்கு முன்னால் இருந்தது எல்லாம் மங்கல். நான் 2 மீட்டரில் உட்கார்ந்திருந்தேன்.

கைபேசியில் எடுப்பவர்களுக்கு இந்த நெருக்கடி குறைவு. சென்சார் சின்னது, துல்லியமாகத் தெரியும் ஆழம் அதிகம். ஆனாலும் பூட்டாமல் விட்டால் நடுவில் அது தேடத் தொடங்கும். பதிலாளின் முகத்தில் விரலை அழுத்திப் பிடியுங்கள். ஐபோனில் AE/AF LOCK என்று மஞ்சளாக வந்தால் பூட்டிவிட்டது என்று பொருள். இதில் ஒரு சிக்கல் உண்டு, வெளிச்சமும் சேர்ந்தே பூட்டிக்கொள்ளும். அதைக் கீழே சொல்கிறேன்.

ஃபோக்கஸ் பிடித்துப் பூட்டுவது

பதிலாள் இடத்தில் நிற்கட்டும். முதலில் ஃபிரேமை முடித்துவிடுங்கள், பிறகுதான் ஃபோக்கஸ். ஜூம் லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த வரிசை முக்கியம். பல ஜூம் லென்ஸ்களில் ஃபோக்கஸ் பிடித்தபிறகு ஜூமைத் திருகினால் ஃபோக்கஸ் நகர்ந்துவிடும்.

ஃபோக்கஸ் புள்ளியை நாளிதழின்மேல் கொண்டுவந்து ஆட்டோ ஃபோக்கஸில் ஒருமுறை பிடியுங்கள். பிடித்ததும் லென்ஸிலோ மெனுவிலோ MF-க்கு, அதாவது கையால் ஃபோக்கஸ் செய்யும் முறைக்கு, மாற்றுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்க்கும் வசதியைப் போட்டு, சின்ன எழுத்து படிக்க வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் வளையத்தைக் கொஞ்சம் அப்படியும் இப்படியும் திருகி, மிகத் தெளிவான இடத்தில் நிறுத்துங்கள். ஓரங்களில் சிவப்பு, மஞ்சள் கோடு காட்டும் பீக்கிங் வசதியை மட்டும் நம்பவேண்டாம். கொஞ்சம் தப்பினாலும் அது ‘சரி’ என்று காட்டும் பழக்கமுள்ளது.

இனி வளையத்தைத் தொடக் கூடாது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இப்போது வரும் லென்ஸ்களில் வளையம் மோட்டாரோடுதான் பேசுகிறது, கண்ணாடியை நேரடியாக நகர்த்துவதில்லை. அதனால் சில கேமராக்கள் அணைந்து எரிந்தால் பழைய ஃபோக்கஸ் இடத்தை மறந்துவிடும். பேட்டரி மாற்றினாலோ, சும்மா இருந்து கேமரா தானாகத் தூங்கிப்போனாலோ, பதிலாளை மீண்டும் நிறுத்தி மறுபடி பிடியுங்கள். தானாக அணையும் நேரத்தை மெனுவில் நீட்டி வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

ஃபிரேமைச் சரிபார்ப்பது

என் லென்ஸ் 2 மீட்டரில் ஏறக்குறைய 1.3 மீட்டர் அகலமும் 75 செ.மீ. உயரமும் பிடிக்கிறது. அதாவது தலையிலிருந்து இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரைதான். கத்தியை மடியில் வைத்துக்கொண்டு விளக்கினால் கத்தி படத்திலேயே இருக்காது. இது தெரியாமல் ஒரு முழு வீடியோவில் தெரியாத கத்தியைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

கேமராவின் உயரம் கண் உயரத்துக்கு இருக்கட்டும், என் கணக்கில் 115 செ.மீ. திரையில் கட்டம் போட்டுக்கொண்டால் நாளிதழ் மேல் கோட்டின்மேல் உட்கார வேண்டும். தொப்பிக்கு மேலே கொஞ்சம் இடம் இருந்தால் போதும். அப்புறம் பதிலாளின் பின்னால் பாருங்கள். தலையிலிருந்து தூண் முளைக்கிறதா, கொடியில் துணி காய்கிறதா, மோட்டார் சைக்கிள் கண்ணாடி வெயிலைத் திருப்பி அடிக்கிறதா? பதிலாள் நிற்கும்போதே இதையெல்லாம் நகர்த்திவிடலாம்.

கம்புக்குக் கை இல்லை, அதுதான் அதன் குறை. கை எங்கே வெட்டுப்படுகிறது என்று அறிய டைமர் வேண்டும். பதிலாளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, டைமரைப் பத்து வினாடியில் போட்டு ஒரு புகைப்படம் எடுங்கள். 2 மீட்டர் நடந்து, உட்கார்ந்து, சட்டையை இழுத்துவிட்டு, முடிச்சைப் பார்க்கப் பத்து வினாடி போதும். இரண்டு வினாடி டைமர் இதற்கு உதவாது. முதல் படத்தில் சும்மா உட்காருங்கள், இரண்டாவதில் கத்தியைக் காட்டும் உயரத்துக்குக் கையைத் தூக்குங்கள்.

ஆனால் புகைப்படமும் வீடியோவும் ஒரே அளவாக வெட்டுவதில்லை. புகைப்படம் வழக்கமாக 3:2, வீடியோ 16:9, ஆகவே மேலும் கீழும் வெட்டுப்படும். புகைப்படத்தையும் 16:9-க்கு மாற்றிக்கொள்ளுங்கள். சில கேமராக்களில் 4K வைத்தாலோ, டிஜிட்டல் முறையில் ஆட்டத்தைக் குறைக்கும் வசதியைப் போட்டாலோ படம் இன்னும் நெருங்கி வரும். அதனால் கடைசியாக முப்பது வினாடி வீடியோவாகவே எடுத்துப் பார்ப்பதைத் தவிர்க்க முடியாது. அதில் நேராக உட்காருங்கள், முன்னால் சாயுங்கள், கையை விரியுங்கள், பொருளைத் தூக்கிக் காட்டுங்கள்.

இந்தச் சோதனை வீடியோவை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தால் தவறு எந்தப் பக்கம் என்று தெரியும். கண் இமை முடி தெளிவாக இருந்தால் சரி. காது தெளிவு, கண் மங்கல் என்றால் நீங்கள் குறியைவிட முன்னால் வந்துவிட்டீர்கள். முன்னால் நீட்டிய கை தெளிவு, கண் மங்கல் என்றால் பின்னால் போய்விட்டீர்கள். பின்சுவர் மட்டும் தெளிவாக இருந்தால் ஃபோக்கஸ் பூட்டவே இல்லை, MF-க்கு மாற்ற மறந்திருப்பீர்கள். முன்னால் வந்திருந்தாலும் பின்னால் போயிருந்தாலும் கேமராவைத் தொடாதீர்கள், முடிச்சைப் பார்த்து உடம்பை நகர்த்துங்கள்.

வெளிச்சத்துக்கு அந்த நாளிதழ் ஆகாது

ஃபோக்கஸுக்கு நல்ல பதிலாள் வெளிச்சத்துக்குக் கெட்ட பதிலாள். வெள்ளைத் தாளைப் பார்த்துக் கேமரா ‘போதுமான வெளிச்சம்’ என்று குறைத்துக்கொள்ளும். நம் நிறத்து முகம் வந்து உட்கார்ந்ததும் கருத்துப்போகும். கைபேசியில் பூட்டும்போது இதுதான் நடக்கும். அதனால் டின்னின் முன்பக்கத்தில் பாதிக்கு நாளிதழ், பாதிக்குப் பழுப்பு அட்டைப்பெட்டித் துண்டு என்று ஒட்டினேன். வெளிச்சத்தை அட்டையைப் பார்த்து வைப்பேன், சோதனை வீடியோவில் என் முகத்தைப் பார்த்துத் திருத்துவேன். கைபேசியில் பூட்டியபிறகு சூரியப் படத்தை மேலும் கீழும் இழுத்து இதைச் செய்யலாம்.

ஷட்டர் 1/50, வினாடிக்கு 25 படம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், வராந்தாவில் குழல்விளக்கு எரிந்தாலும் இந்த அளவில் திரையில் பட்டைப் பட்டையாக ஓடாது. வெண்சமநிலையையும் தானியங்கியில் விடாதீர்கள். செம்பனை மரங்களின் பச்சை அருகில் இருந்தால் அது நடுவில் நிறத்தை மாற்றும்.

நடந்து வந்து நிற்கும் காட்சி

உட்கார்ந்து பேசுவது அலுத்தபிறகு, தோட்டப் பக்கம் நடந்து வந்து ஒரு மரத்தடியில் நின்று பேச ஆசைப்பட்டேன். இங்கே மணல் டின் தேவையில்லை, கம்பை மண்ணில் குத்திவிடலாம். நிற்கும்போதுள்ள கண் உயரத்துக்கு நாளிதழ் இருக்கட்டும். கேமராவிலிருந்து 3 மீட்டர் வைத்தேன். f/4-இல் 2.5 மீட்டரிலிருந்து 3.7 மீட்டர் வரை துல்லியம். தூரத்தில் மங்கலாகத் தொடங்கி, கடைசி ஓரடியில் தெளிவாக வந்து நிற்பேன். பார்க்க நன்றாகவே இருக்கும்.

கம்பை எடுத்தபிறகு அந்த இடம் தெரிய வேண்டுமே! கம்பு நின்ற இடத்தில் காய்ந்த மட்டைத் துண்டு ஒன்றைக் குறுக்காகப் போடுங்கள். குனிந்து தேடினால் படத்தில் தெரிந்துவிடும், செருப்பின் நுனியில் மட்டை இடறினால் அதுதான் இடம். முன்னோக்கி நடந்து பழகாதீர்கள். மட்டையில் நின்று, சாதாரண நடையில் பின்னோக்கி ஆறு அடி எண்ணி நடந்து, அங்கே ஒரு கல்லை வையுங்கள். அங்கிருந்து ஆறு அடி முன்னால் வந்தால் மட்டைக்குப் பக்கத்தில் வந்துவிடும். இரண்டு மூன்று தடவை ஒத்திகை பார்த்துக் கல்லைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும்.

மழை பெய்த மண்ணில் டிரைபாட் மெல்ல மெல்லப் புதையும். முதல் காட்சிக்கும் மூன்றாவது காட்சிக்கும் ஃபிரேம் சாய்ந்திருக்கும். மூன்று காலுக்கும் கீழே உடைந்த ஓட்டுத் துண்டுகளை வைத்து அழுத்திவிடுங்கள். குளிரூட்டி ஓடும் அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே கொண்டுவந்தால் லென்ஸில் ஆவி படியும். பையோடு வெளியே வைத்து அரைமணி நேரம் பொறுங்கள்.

எடுக்கும்போது

பல கேமராக்களில் டைமர் புகைப்படத்துக்கு மட்டும்தான், சிலவற்றில்தான் வீடியோவுக்கும் உண்டு. இல்லையென்றால் கவலை இல்லை. பதிவை ஓடவிட்டு, நடந்து போய் உட்காருங்கள், முதல் பத்து வினாடியை வெட்டி எறியலாம். உட்கார்ந்ததும் முடிச்சைப் பிடித்துப் பார்த்து, கயிற்றை ஃபிரேமுக்கு வெளியே விட்டு, எத்தனையாவது முறை என்று விரலில் காட்டி, ஒரு மூச்சு விட்டுப் பேசுங்கள். முடிந்ததும் உடனே எழாமல் மூன்று வினாடி அப்படியே இருங்கள், வெட்ட இடம் கிடைக்கும்.

ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் கடைசி சில வினாடிகளை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். தொடக்கத்தில் எல்லோரும் சரியாகத்தான் உட்காருவோம், நேரம் போகப் போகத்தான் உடம்பு நழுவும். கடைசியில் கண் தெளிவாக இருந்தால் நடுவிலும் பெரும்பாலும் இருக்கும்.

முடித்தபிறகு டிரைபாடின் மூன்று கால்கள் நின்ற இடத்தையும், பெஞ்சின் முன்கால்களையும் வராந்தாத் தரையில் டேப்பால் குறித்துவிட்டேன். கயிறு முடிச்சோடு ஆணியில் தொங்குகிறது. அடுத்த ஞாயிறு முக்கால் மணி நேர ஏற்பாடு பத்து நிமிடத்தில் முடிந்தது. பதிலாளைத்தான் தேட வேண்டியிருந்தது. கழுவிய துண்டைக் காயப்போட ஒரு நல்ல கம்பு கிடைத்ததென்று மனைவி அதைக் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுபோயிருந்தாள்.